பழைய கணக்குகளை மூட நினைப்பவர் பழைய மின்னஞ்சலை முதலில் மூடலாமா?

வாசகர் கேள்வி

"எனக்கு 41 வயது. திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். 2004-இல் படிக்கும் காலத்தில் யாஹூ முகவரி ஒன்று தொடங்கினேன். 2011 முதல் ஜிமெயில்தான். 2010-இல் திருமணம் ஆயிற்று. சென்ற மாதம் உடன் பணிபுரியும் ஒருவர், ஒரு திருமணத் தகவல் தளத்தில் என் படமும் விவரங்களும் இன்னும் இருப்பதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். 2009-இல் வீட்டார் பதிவு செய்தது அது. பதறிப்போய் குரோமில் சேமித்து வைத்த கடவுச்சொற்களைப் பார்த்தேன். 190-க்கும் மேல் இருக்கின்றன. பாதிக்கு மேல் நினைவிலேயே இல்லை. பலவற்றுக்கு ஒரே கடவுச்சொல். 2019-இல் விட்டுவிட்ட பழைய கைபேசி எண்தான் பலவற்றில் இருக்கும். யாஹூ முகவரியையே மூடிவிட்டால் அதனோடு சேர்ந்த கணக்குகளும் போய்விடும் அல்லவா? குரோம் பட்டியலையும் ஒட்டுமொத்தமாக அழித்துவிடலாம் என்று இருக்கிறேன். பழைய கடைத் தளங்களில் என் கார்டு எண் இருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது. அழித்துவிடுங்கள் என்று கேட்க எனக்குச் சட்டப்படி உரிமை உண்டா?"

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

சைபர் சட்ட வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

யாஹூ முகவரியை இப்போது மூடாதீர்கள். குரோம் பட்டியலிலும் எதையும் அழிக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் அவசரமாகத் தடுக்க வேண்டியவை இந்த இரண்டும்தான். மற்றவற்றை இரண்டு மூன்று வார இறுதிகளில் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

மின்னஞ்சலை மூடினால் அதைக் கொண்டு தொடங்கிய கணக்குகளும் மூடப்படும் என்று நினைக்கிறீர்கள். அப்படி நடப்பதில்லை. ஒரு கடைத் தளத்தைப் பொறுத்தவரை உங்கள் யாஹூ முகவரி என்பது அதன் பதிவேட்டில் இருக்கும் ஒரு வரி மட்டுமே. யாஹூவில் நீங்கள் கணக்கை மூடியது அந்தத் தளத்துக்குத் தெரியவே தெரியாது; உங்கள் பெயர், வீட்டு முகவரி, பிறந்த தேதி எல்லாம் அங்கே இருந்தபடியே இருக்கும். மாறுவது ஒன்றுதான்: "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று நீங்கள் அழுத்தும்போது வர வேண்டிய அஞ்சல் உங்களுக்கு வந்து சேராது. சாவிக்கொத்தைக் கிணற்றில் போட்டுவிட்டுப் பூட்டுகளைத் திறக்கப் போவது போன்ற காரியம் அது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கைவிட்ட முகவரி கைவிட்டவருடையதாகவே என்றும் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2013-இல் யாஹூ நிறுவனம் ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தப்படாத பயனர் பெயர்களை விடுவித்து, கேட்டவர்களுக்குக் கொடுத்தது. அப்படிப் பெற்றவர்களில் சிலருக்கு முந்தைய உரிமையாளருக்கு உரிய அஞ்சல்கள் வந்து சேர்ந்தது அப்போதே செய்தியாயிற்று. கைபேசி எண்ணில் இது அன்றாட நடைமுறை. துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாட்களுக்கு வேறு யாருக்கும் ஒதுக்குவதில்லை என்பதுதான் 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் சொன்ன நிலைப்பாடு. அந்தக் காலம் முடிந்தபின் எண் சந்தைக்குத் திரும்பலாம். ஆகவே 2019-இல் நீங்கள் விட்ட எண் இன்று வேறொருவர் கையில் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே முதல் வேலை பூட்டுவது; மூடுவது பிறகு. யாஹூவிலும் ஜிமெயிலிலும் வங்கிச் செயலியிலும் கடவுச்சொற்களை மாற்றுங்கள். மூன்றும் வெவ்வேறாக இருக்கட்டும். இரண்டு அஞ்சல் முகவரிகளிலும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். மீட்பு எண் என்ற இடத்தில் பழைய எண் இருந்தால் நீக்கிவிட்டு இன்றைய எண்ணைக் கொடுங்கள். யாஹூவின் பழைய கடவுச்சொல் வெளியே போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். 2013 ஆகஸ்டில் நடந்த ஊடுருவலில் அன்றிருந்த சுமார் 300 கோடி கணக்குகளும் பாதிக்கப்பட்டன என்று 2017-இல் அந்த நிறுவனத் தரப்பே ஒப்புக்கொண்டது. 2004-இல் தொடங்கிய உங்கள் கணக்கும் அதில் சேர்ந்ததே. ஒரு தளத்தில் களவுபோன முகவரியையும் கடவுச்சொல்லையும் மற்ற நூறு தளங்களில் நிரல் கொண்டு போட்டுப் பார்ப்பது திருடர்களின் வழக்கமான முறை. ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைத்திருப்பவருக்கு மறந்துபோன கணக்கு ஆபத்தாவது இப்படித்தான்.

யாஹூவுக்குள் நுழைந்ததும் அஞ்சல் பெட்டி காலியாக இருந்தால் கலங்க வேண்டாம். 12 மாதங்கள் யாரும் திறக்காத பெட்டியின் அஞ்சல்களை யாஹூ அழித்துவிடும். பழைய அஞ்சல்கள் போயிருந்தாலும், உள்ளே நுழைய முடிகிறது என்றால் முகவரி இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. இனி வரும் மீட்பு அஞ்சல்கள் அதில் வந்து சேரும். நமக்கு முக்கியமாக வேண்டியது அதுவே.

கடவுச்சொல் பட்டியல் காட்டுவதும் காட்டாததும்

குரோம் பட்டியலில் ஒரு பதிவை அழித்தால் அழிவது உங்களிடம் உள்ள குறிப்பு மட்டுமே. கணக்கு அந்தத் தளத்தில் அப்படியே இருக்கும். ஆகவே அந்த 190 பதிவுகளையும் குப்பை என்று எண்ணாதீர்கள். இருப்பதிலேயே நம்பகமான சாட்சி அவைதான்.

passwords.google.com என்ற முகவரிக்குப் போனால் பட்டியல் முழுவதும் தெரியும். அங்கேயே கடவுச்சொல் சரிபார்ப்பு என்ற பகுதி, கசிந்தவை, ஒன்றுக்கு மேல் பயன்படுத்தியவை, எளிதில் ஊகிக்கக் கூடியவை என்று பிரித்துக் காட்டும். கசிந்தவை என்ற பகுதியிலிருந்து தொடங்குங்கள். பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி எக்செலில் வைத்துக்கொள்ள விரும்புவீர்கள் என்று நினைக்கிறேன். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு அதுதான் கைக்கு வாகு. செய்யலாம். ஆனால் இறங்கும் சிஎஸ்வி கோப்பில் கடவுச்சொற்கள் மறைப்பு ஏதுமின்றி அப்படியே எழுதப்பட்டிருக்கும். கல்லூரிக் கணினியில் ஒருபோதும் இறக்காதீர்கள். வீட்டுக் கணினியில் திறந்த உடனே கடவுச்சொற்கள் உள்ள நெடுவரிசையை நீக்கிவிட்டு, தளத்தின் பெயர், பயனர் பெயர் ஆகிய இரண்டை மட்டும் வேறொரு கோப்பில் சேமித்துக்கொண்டு, மூலக் கோப்பை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிடுங்கள்.

அந்தக் கோப்பில் சில வரிகள் தளத்தின் பெயராக இல்லாமல் android:// என்று தொடங்கி, நீண்ட எழுத்துக் குவியலுக்குப் பின் @com. என்று ஏதோ ஒரு பெயருடன் முடியும். அவை கைபேசிச் செயலிகளுக்குரியவை. @ குறிக்குப் பின்னால் இருப்பதுதான் செயலியின் அடையாளப் பெயர். அதைக் கூகுளில் தேடினால் எந்தச் செயலி என்று தெரிந்துவிடும். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கினால் கணக்கும் நீங்கிவிடும் என்பது பலருக்கும் உள்ள எண்ணம், அதுவும் பிழையே. கணக்குத் தொடங்க வசதி தரும் செயலிகள் அதை அழிக்கவும் வழி வைக்க வேண்டும் என்பது ஆப்பிள், கூகுள் இரண்டின் செயலிக் கடைகளிலும் இப்போது விதி. பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்தில் தரவுப் பாதுகாப்பு என்ற பகுதியைத் திறந்தால், செயலியை மீண்டும் நிறுவாமலே அழிப்பைக் கோரும் இணைப்பு பெரும்பாலும் அங்கே இருக்கும்.

பட்டியல் காட்டாதவையும் இருக்கின்றன. குரோமில் "இந்தத் தளத்துக்கு ஒருபோதும் சேமிக்க வேண்டாம்" என்று நீங்கள் எப்போதோ அழுத்திய தளங்கள் கடவுச்சொல் மேலாளரின் அமைப்புகளில் தனியாகப் பதிவாகியிருக்கும். Declined sites and apps என்ற தலைப்பின் கீழ் பாருங்கள். வங்கி, பங்குச் சந்தை, காப்பீடு போன்ற முக்கியமான கணக்குகளில்தான் நாம் "வேண்டாம்" என்று அழுத்தியிருப்போம். அந்த வகையில் இந்தச் சிறு பட்டியல் பெரிய பட்டியலைவிடப் பயனுள்ளது. அடுத்து, "கூகுள் கணக்கு மூலம் நுழைக" என்ற பொத்தானை அழுத்தித் தொடங்கிய கணக்குகளுக்குக் கடவுச்சொல்லே கிடையாது, அவை myaccount.google.com/connections என்ற பக்கத்தில் இருக்கும். ஃபேஸ்புக் வழியாகத் தொடங்கியவை அதன் அமைப்புகளில் செயலிகளும் இணையதளங்களும் என்ற பகுதியில் இருக்கும். அங்கே இணைப்பைத் துண்டித்தால் கதவு மட்டுமே அடைபடும். அந்தத் தளத்தில் உங்கள் விவரம் அப்படியே கிடக்கும், அதற்குள் நுழைய உங்களுக்கும் வழியிருக்காது. முதலில் தளத்துக்குள் போய்க் கணக்கை மூடிவிட்டு, பிறகு துண்டியுங்கள்.

மின்னஞ்சலில் தேடுவது

2011-க்குப் பிந்தைய கணக்குகளுக்கு உங்கள் ஜிமெயில்தான் பதிவேடு. தேடும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஜிமெயில் வழக்கமான தேடலில் ஸ்பாம், குப்பைப் பெட்டி ஆகியவற்றைச் சேர்ப்பதில்லை. In:anywhere என்று சேர்த்தால்தான் அங்கேயும் தேடும். மேலும் அது சொல்லின் பகுதியைத் தேடாது. Regist என்று தட்டினால் registration வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முழுச் சொற்களையே கொடுக்க வேண்டும். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, தேடல் பெட்டியில் இப்படித் தட்டுங்கள்:

```
in:anywhere subject:(welcome OR activate OR verify OR registration) after:2011/01/01 before:2013/01/01
```

ஆண்டுகளை மாற்றி மாற்றி, இரண்டிரண்டு ஆண்டுகளாக முன்னே நகருங்கள். மொத்தமாகத் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்து கை சோர்ந்துவிடும். இதில் சிக்காதவை, கடையில் பொருள் வாங்கிய தடங்களில் சிக்கும்:

```
in:anywhere ("order confirmation" OR "has been shipped" OR invoice) before:2016/01/01
in:anywhere ("reset your password" OR "verification code")
```

மூன்றாவதாக, உங்கள் பழைய கைபேசி எண்ணையும், முன்பு குடியிருந்த வீட்டின் தெருப் பெயரையும் மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடுங்கள். எந்தெந்தத் தளங்கள் அவற்றை வைத்திருக்கின்றன என்பதற்கு இதைவிட நேரான விடை கிடையாது. என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களில் பலர் இதைச் செய்ததே இல்லை என்பார்கள். செய்ததும் முதலில் கண்ணில் படுவது ஏதேனும் கூரியர் அறிவிப்போ காப்பீட்டு ரசீதோ ஆக இருக்கும்.

ஒரு தளத்தின் பெயர் கிடைத்ததும், அதிலிருந்து வந்த முதல் அஞ்சலைப் பாருங்கள். from: என்பதற்குப் பின் அதன் முகவரியை இட்டுத் தேடி, பட்டியலின் மேல் வலப்புறம் "1–50" என்று இருக்கும் எண்ணின் மேல் சுட்டியை வைத்தால் Oldest என்ற தேர்வு வரும், அழுத்தினால் மிகப் பழைய அஞ்சலுக்குப் போய்விடலாம். பயனர் பெயர், வாடிக்கையாளர் எண், பதிவு செய்த நாள் ஆகியவை அதில்தான் இருக்கும். நிறுவனத்துக்கு எழுத நேர்ந்தால், கணக்கு உங்களுடையது என்று காட்ட அந்த அஞ்சலே சான்று. இதற்காகவும்தான் பழைய அஞ்சல்களை இப்போதைக்கு அழிக்க வேண்டாம் என்கிறேன்.

பழைய அஞ்சலில் இருக்கும் இணைப்பை மட்டும் அழுத்தாதீர்கள். பத்து ஆண்டுகளில் பல நிறுவனங்கள் கடையை மூடியிருக்கும். அவற்றின் இணைய முகவரிகள் காலாவதியாகி வேறு யாரோ வாங்கியிருப்பார்கள். தளத்தின் பெயரை நீங்களே தட்டித் திறவுங்கள். சூதாட்ட விளம்பரமோ, "இந்த முகவரி விற்பனைக்கு" என்ற அறிவிப்போ தெரிந்தால் அங்கே கடவுச்சொல்லைத் தட்டிவிடாமல் வெளியேறி, பட்டியலில் "தளம் இல்லை" என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆர்குட் 2014 செப்டம்பரிலும், யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையிலும் மூடப்பட்டுவிட்டன. உங்கள் வயதினரின் பட்டியலில் இப்படிப்பட்டவை கணிசமாக இருக்கும். அவற்றுக்காக அலைய வேண்டியதில்லை.

கணக்கு இருக்கிறதா இல்லையா என்ற ஐயம் வந்தால், தளத்தில் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்பதில் உங்கள் முகவரியை இட்டுப் பாருங்கள். சில தளங்கள் "இந்த முகவரியில் கணக்கு இல்லை" என்று நேராகச் சொல்லிவிடும். வேறு சில, "கணக்கு இருந்தால் அஞ்சல் அனுப்பியிருக்கிறோம்" என்று பிடி கொடுக்காமல் சொல்லும். அங்கே திரையில் வருவதை வைத்து முடிவு செய்யாமல் ஸ்பாம் பெட்டி உட்பட அஞ்சலைப் பாருங்கள். ஜிமெயிலுக்கு ஒரு முறை, யாஹூவுக்கு ஒரு முறை என்று இரண்டையும் சோதியுங்கள்.

திருமணத் தகவல் தளத்துக் கணக்கு

உங்களை எழுத வைத்த கணக்கு இது. ஆகவே முதலில் இதையே எடுத்துக்கொள்வோம். மற்றவற்றுக்கும் இதே வழிதான்.

யாஹூவிலும் ஜிமெயிலிலும் தேடி இது கிடைக்காவிட்டால் வியப்படைய வேண்டாம். "வீட்டார் பதிவு செய்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். 2009-இல் ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது அப்பாவோ அண்ணனோ சித்தப்பாவோ தம் மின்னஞ்சலையும் தம் கைபேசி எண்ணையும் கொடுத்துத்தான் பதிவு செய்திருப்பார்கள். படமும் பெயரும் உங்களுடையவை. கணக்கு அவர்களுடைய முகவரியில் இருக்கும். யார் பதிவு செய்தார் என்று வீட்டில் கேளுங்கள். அவர் தம் அஞ்சலில் தளத்தின் பெயரை இட்டுத் தேடி, உங்களுக்கு ஒதுக்கப்பட்ட பதிவு எண்ணை எடுத்துத் தரட்டும். அவருடைய கடவுச்சொல் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் அவருக்குத் தெரியாமல் உள்ளே போகாதீர்கள். அனுமதியின்றி ஒருவருடைய கணக்கில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளுக்குள் வரக்கூடியது. குடும்பத்துக்குள் வழக்காகாது என்று வைத்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து செய்வதில் யாருக்கும் மனத்தாங்கல் இராது.

உள்ளே நுழைந்ததும் அழிப்புப் பொத்தானைத் தேடுவதற்கு முன் வேறு சில வேலைகள் உள்ளன. படங்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள். ஜாதகம் ஏற்றியிருந்தால் அதையும் நீக்குங்கள். பிறந்த நாளும் நேரமும் ஊரும் அதில் ஒரே இடத்தில் இருக்கும். தொலைபேசி எண், முகவரி, பணியிடம் ஆகியவற்றை வெற்றாக்குங்கள். வெற்றாக விட முடியாவிட்டால் பொருளற்ற எழுத்துகளால் நிரப்புங்கள். பல தளங்கள் "அழித்தல்" என்ற பெயரில் கணக்கைத் திரைக்குப் பின்னால் நகர்த்திவைப்பதோடு நின்றுவிடுகின்றன. அப்படியே கிடந்தாலும் உள்ளே பொருட்படுத்தத் தக்கது எதுவும் இல்லாமல் செய்துவிடுவதுதான் இதன் நோக்கம்.

அமைப்புகளில் இரண்டு தேர்வுகள் இருக்கக் கூடும்: ஒன்று தற்காலிகமாக மறைப்பது, மற்றது நீக்குவது. மறைப்பதை மறுபடி ஒரு சொடுக்கில் திரும்பக் கொண்டுவரலாம்; உங்களுக்கு வேண்டியது நீக்குவதே. காரணம் கேட்டால் "திருமணம் ஆகிவிட்டது" என்று தேர்ந்தெடுங்கள். "திருமண நாளைச் சொல்லுங்கள், படம் அனுப்புங்கள்" என்று வெற்றிக்கதைக்காகக் கேட்பார்கள், கொடுக்கத் தேவையில்லை. ஒரே நிறுவனம் பல பெயர்களில் தளங்கள் நடத்துவது இந்தத் துறையில் வழக்கம் என்பதால், அதே பதிவு எண்ணில் வேறு தளத்திலும் உங்கள் விவரம் இருக்கிறதா என்று அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள்.

சில நாட்கள் கழித்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல், குரோமில் இன்காக்னிட்டோ எனப்படும் தனிப்பட்ட சாளரத்தில் உங்கள் பெயரையும் பதிவு எண்ணையும் தேடிப் பாருங்கள். தளத்தில் பக்கம் போய்விட்டது, ஆனால் கூகுள் முடிவுகளில் படமோ சுருக்கமோ இன்னும் தெரிகிறது என்றால், கூகுளின் Refresh Outdated Content என்ற கருவியில் அந்த முகவரியை இடுங்கள். பக்கம் உண்மையிலேயே நீங்கியிருந்தால்தான் அது ஏற்கப்படும். தளத்தில் இன்னும் இருந்தால் மறுபடி தளத்திடம்தான் போக வேண்டும்.

கார்டும் பணமும்

கார்டு எண்ணைப் பற்றிய உங்கள் பயத்தைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல், கார்டை வழங்கிய வங்கியும் கார்டு வலையமைப்பும் தவிர, கடைகளோ பணப் பரிமாற்ற இடைநிலை நிறுவனங்களோ உண்மையான கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. முன்பு சேமித்தவற்றையும் அழித்திருக்க வேண்டும். எண்ணுக்குப் பதிலாக அந்தக் கடைக்கு மட்டும் செல்லுபடியாகும் டோக்கன் ஒன்றுதான் இப்போது இருக்கும். எந்தெந்தக் கடைகளுக்கு உங்கள் கார்டின் டோக்கன் போயிருக்கிறது என்பதை உங்கள் வங்கியின் வழியாகவே பார்த்து நீக்கலாம். வெளிநாட்டுத் தளங்களில் கார்டு கொடுத்திருந்தால் மட்டும் அங்கே போய் நேரே நீக்குங்கள். அந்தக் கார்டே காலாவதியாகியிருந்தால் அதுகூட அவசரமில்லை.

பணம் இழப்பது பெரும்பாலும் வேறு வகையில். மாதந்தோறும் தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்த சந்தா, கணக்கை மூடினாலும் செயலியை நீக்கினாலும் நிற்காமல் போகலாம். யுபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதியிலும், வங்கியில் நிலை ஆணைப் பட்டியலிலும், பிளே ஸ்டோரில் சந்தாக்கள் என்ற பகுதியிலும் பார்த்து முதலில் ரத்துசெய்யுங்கள். மின்பணப்பையில் மிச்சம் இருந்தால் வங்கிக் கணக்குக்கு மாற்றியபின் மூடுங்கள். பெரிய கடைத் தளங்களில் ஒரே கணக்கின் கீழ் மின்நூல், காணொளி, பரிசுத் தொகை எல்லாம் சேர்ந்திருக்கும். மூடினால் அத்தனையும் போய்விடும். இன்றும் பயன்படுத்துகிற கடைக் கணக்கை மூடவே வேண்டாம். பழைய முகவரிகளை மட்டும் நீக்கிக் கடவுச்சொல்லை மாற்றினால் போதும். வாங்கிய பொருள்களின் ரசீதுகளை, உத்தரவாதக் காலம் முடியாதவற்றையேனும், இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமையும் அதன் எல்லையும்

உரிமை உண்டு; ஆனால் நீங்கள் எண்ணும் அளவுக்கு முழுமையாக இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, நீங்கள் ஒப்புதல் தந்து பெறப்பட்ட விவரங்களை அழிக்கச் சொல்லும் உரிமையை அளிக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே, அதாவது 2027 மே மாதத்தில்தான் செயலுக்கு வருகின்றன. அதன்பின், இரண்டு கோடிக்குக் குறையாத பயனர்களைக் கொண்ட இணையக் கடைகளும் சமூக ஊடகங்களும், மூன்று ஆண்டுகள் எட்டிப்பார்க்காதவரின் விவரங்களை 48 மணி நேர முன்னறிவிப்புடன் தாமாகவே அழிக்க வேண்டியிருக்கும். உங்கள் திருமணத் தளத்துக்கு இந்தத் தானியங்கு விதி பொருந்தும் என்று நான் எண்ணவில்லை. ஆகவே அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

அதுவரை கைகொடுப்பது 2011-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள். தந்த ஒப்புதலை எழுத்துமூலம் திரும்பப் பெற அவை இடமளிக்கின்றன. நிறுவனம் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும், குறையை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் சொல்கின்றன. தளத்தின் அடியில் தனியுரிமைக் கொள்கை என்ற பக்கத்தின் கடைசிப் பத்திகளில் அவர் விவரம் இருக்கும்.

நுழைவதற்கான ஓடிபி பழைய கைபேசி எண்ணுக்குத்தான் போகிறது என்னும் கணக்குகளுக்கு இவரே வழி. அந்த எண்ணை அழைத்து, இப்போது வைத்திருப்பவரிடம் ஓடிபி கேட்கலாமே என்று சிலர் யோசிப்பதுண்டு. முன்பின் தெரியாதவர் ஓடிபி கேட்டால் கொடுக்கக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் நாளில் அது வீண் வம்பு. குறைதீர் அலுவலருக்குப் பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்தே எழுதுங்கள். பதிவு எண், பதிவு செய்த ஆண்டு, பழைய எண் இப்போது உங்களிடம் இல்லை என்ற விவரம், ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறீர்கள் என்ற ஒரு வாக்கியம், கணக்கையும் படங்களையும் நீக்கி எழுத்தில் உறுதி செய்யக் கோரும் ஒரு வாக்கியம்: இவ்வளவு போதும். அடையாளச் சான்று கேட்டால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை அனுப்புங்கள். அதன் மேல், இன்ன தளத்தில் கணக்கை மூடுவதற்காக மட்டும் என்று குறுக்கே எழுதிவிடுங்கள். மூடுவதற்காக, முன்பு அவர்களிடம் இல்லாத விவரங்களைப் புதிதாகக் கொடுக்க வேண்டாம்.

"சட்டப்படி எல்லாவற்றையும் அழிக்க முடியாது" என்று பதில் வந்தால் அது சாக்குப்போக்காகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மின்பணப்பை, பங்குத் தரகு போன்ற நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டப்படி, உறவு முடிந்தபின் ஐந்து ஆண்டுகள் அடையாளப் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். கடைகள் வரிக்காக விலைப்பட்டியல்களை வைத்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் படத்தையும் ஜாதகத்தையும் வைத்திருக்க ஒரு திருமணத் தளத்துக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இருப்பதாக நான் அறியேன். அந்தப் பதிலை அவர்கள் தந்தால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள்.

190 கணக்குகளையும் மூடித் தீர வேண்டும் என்று எண்ண வேண்டாம். படம், அடையாள ஆவணம், பணம், மருத்துவ விவரம் இருப்பவற்றையும், கசிந்த பட்டியலில் இருப்பவற்றையும் முடியுங்கள். ஒருமுறை செய்முறைக் குறிப்பு படிக்கப் பதிந்த தளத்துக்கு ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுவதில் பயனில்லை. அங்கே கடவுச்சொல் மட்டும் தனியானதாக இருக்கட்டும். மூடிய ஒவ்வொன்றுக்கும் "மூடப்பட்டது" என்ற உறுதி அஞ்சல் வந்தபின்பே குரோம் பட்டியலில் அந்தப் பதிவை நீக்குங்கள். பல தளங்கள் அழிப்பதற்கு முன் சில வாரங்கள் காத்திருப்புக் காலம் வைக்கின்றன. ஃபேஸ்புக்கில் அது 30 நாட்கள். போய்விட்டதா என்று பார்க்க அதற்குள் நுழைந்து அழிப்பு ரத்தாகிவிடும்படி செய்துகொள்பவர்கள் நிறையப் பேர்.

யாஹூ முகவரியை, எல்லாம் முடிந்த பின்னும் ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்வேன். நாம் கண்டுபிடிக்காத கணக்கு ஏதேனும் இருந்தால் ஆண்டு விழாச் சலுகை என்றோ, விதிமுறை மாற்றம் என்றோ, பிறந்த நாள் வாழ்த்து என்றோ அதிலிருந்து ஓர் அஞ்சல் வரும். அப்போது அதையும் மூடிவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உள்ளே நுழைந்து பாருங்கள். 12 மாத வரம்பில் சிக்காமலும் இருக்கும். ஓராண்டில் புதிதாக எதுவும் தலைகாட்டவில்லை என்றால், வங்கி, காப்பீடு, வருமான வரி, ஆதார் ஆகியவற்றில் அந்த முகவரி பதிவாகவில்லை என்பதை ஒரு முறை சரிபார்த்துவிட்டு, அப்போது யாஹூவை மூடலாம்.